தட்டு சுத்தற லேப்ல ரெண்டு தப்பு சேர்ந்து எனக்கு "சரியான" ஆன்சர் குடுத்த கதை

நூல்ல வெயிட்டைத் தொங்கவிட்டு தட்டைச் சுத்தவிட்டு இனெர்ஷியா கண்டுபிடிக்கற லேப் வரப்போகுதுன்னா இதைப் படிச்சுட்டுப் போங்க. எங்க தட்டு 1.5 கிலோ, ஆரம் 12 செ.மீ., அதனால ½MR² போட்டா 0.0108 kg m² வரணும். நூல் சுத்தற நடு ஹப்போட ஆரம் வெர்னியர்ல 20 மி.மீ. 100 கிராம் கட்டி 80 செ.மீ. விழவிட்டேன், அஞ்சு தடவை எடுத்த ஆவரேஜ் 6.77 செகண்ட்.

```
a = 2h/t²
I = m r² (g/a − 1)
```

இதுல போட்டா 0.0112. மூணு நாலு பர்சென்ட்தான் வித்தியாசம், சூப்பர்னு நோட்டை மூடப்போனேன். அப்பதான் சார் வந்து "பேரிங் உராய்வை எங்கப்பா கழிச்ச?"ன்னு கேட்டாரு.

அதை அளக்கறது ஈஸி. நூல்ல சின்னச் சின்ன வெயிட்டா சேத்துக்கிட்டே போங்க, ஒவ்வொரு தடவையும் தட்டை லேசா தள்ளிவிட்டா அது வேகம் கூடாம குறையாம சுத்தணும், அந்த வெயிட்தான் உராய்வுக்குப் போறது. எனக்கு 8 கிராம் வந்துச்சு. அதைக் கழிச்சுப் போட்டா I 0.0103-க்கு இறங்கிடுச்சு! திருத்தம் பண்ணப்புறம் ஆன்சர் இன்னும் மோசமாச்சேன்னு அரை மணி நேரம் கால்குலேட்டரையே திட்டிட்டு இருந்தேன்.

கடைசில பாத்தா நூல். அது 1 மி.மீ. தடிமன், இழுவிசை நூலோட நடுவுல இருக்கறதா எடுத்துக்கணும், அதனால உண்மையான ஆரம் 20.5. அரை மில்லிமீட்டர்தானேன்னு விட்டுடாதீங்க, r² வர்றதால அது 5 பர்சென்ட். அதைப் போட்டதும் 0.0108 வந்து நின்னுச்சு. அதாவது உராய்வை மறந்தா I கூடும், நூல் தடிமனை மறந்தா குறையும், நான் ரெண்டையும் மறந்ததால ஒண்ணை ஒண்ணு மறைச்சுடுச்சு. நூல் ஒரு சுத்து மேல இன்னொரு சுத்து ஏறினா ஆரம் நடுவுலயே மாறிடும், அதனால பக்கம் பக்கமா ஒரே அடுக்கா சுத்துங்க.

ஸ்டாப்வாட்ச் விஷயம் வேற மாதிரி. 0.2 செகண்ட் கை தப்பினா t-ல 3 பர்சென்ட், t² ஆனதும் 6 பர்சென்ட், ஆனா இது ஒரு தடவை கூடும் ஒரு தடவை குறையும், ஆவரேஜ் எடுத்தா அடங்கிடும். உராய்வும் நூலும் நூறு தடவை எடுத்தாலும் அடங்காது. வைவால இதைத்தான் கேப்பாங்க. நிறைய பேர் "இழுவிசை mg இல்ல, அதுதான் மெயின் எரர்"னு சொல்றாங்க, ஆனா ஃபார்முலால அந்த −1 ஏற்கனவே அதைப் பாத்துக்குது, அதை விட்டாக்கூட இங்க a வெறும் 0.035 m/s², அரை பர்சென்ட்கூட வராது.

டைம் இருந்தா 50, 100, 150, 200 கிராம்னு மாத்தி, முறுக்கு விசையை y-லயும் கோண முடுக்கத்தை x-லயும் போட்டு கிராஃப் வரைங்க. சாய்வு I, கோடு y அச்சை வெட்டற இடம் உராய்வு. கோடு ஆரிஜின் வழியா போகலைன்னு இழுத்துப் பிடிச்சு வரையாதீங்க, நான் மொதல்ல அதைத்தான் பண்ணி மார்க்கை விட்டேன்.