முகவரிக்கு ஒரு தாள், தாளுக்கு ஒரு முகவரி

பிரான்சின் லியோன் நகரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அலுவலகத்தில் என்னிடம் ஒரு 'ரிப்' கேட்டார்கள். சம்பளம் போட அது வேண்டுமாம். நான் படித்துவிட்டு வந்த பிரெஞ்சில் அந்த வார்த்தையே இல்லை. வங்கி, கணக்கு, கையெழுத்து, அவ்வளவுதான் பாடத்தில் இருந்தது. ரிப் என்பது கணக்கு எண்ணும் பெயரும் அச்சிட்ட ஒரு தாள். FR76 என்று தொடங்கும் இபான் என்ற சர்வதேசக் கணக்கு எண் அதில் இருக்கும். சம்பளத்துக்கு மட்டுமில்லை, வீட்டு வாடகை ஏஜென்சி, காப்பீடு, போன் கம்பெனி எல்லாரும் கேட்கும் தாள் அது.

சரி, கணக்கு தொடங்கினால் ரிப் கிடைக்கும் என்று ஒரு வங்கிக்குப் போனேன். அங்கே இருந்த அம்மா பாஸ்போர்ட்டையும் விசாவையும் பார்த்துவிட்டு, "ஜுஸ்திஃபிகாதிஃப் த தொமிசில்?" என்றார். குடியிருக்கும் இடத்துக்கான சான்று. மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருக்கவேண்டும். வாடகை ரசீது, மின்சார பில், வீட்டுக் காப்பீட்டுச் சான்று, இப்படி ஏதாவது ஒன்று. என்னிடம் ஒன்றும் இல்லை. வீடு கிடைத்தால்தான் அந்தச் சான்று வரும், வீட்டு ஏஜென்சியோ ரிப் இருந்தால்தான் என் விண்ணப்பத்தையே தொடுவேன் என்றது.

நான் அப்போது தங்கியிருந்தது லியோனை ஒட்டிய வில்லர்பானில், யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் வீட்டில். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "தங்கச்சி, நான் உமக்கு ஒரு அத்தெஸ்தாசியோன் எழுதித் தாறன். நாங்களும் வந்த புதுசில அப்பிடித்தான் செய்தனாங்கள்."

அந்தத் தாளின் முழுப்பெயர் அத்தெஸ்தாசியோன் தெபெர்ஜ்மான். 'இன்னார் என் வீட்டில் தங்கியிருக்கிறார்' என்று வீட்டுக்காரர் தரும் உறுதிமொழி. இதற்குத் தனிப் படிவம் தேவையில்லை, வெள்ளைத் தாளில் கையால் எழுதலாம். ஆனால் சொற்கள் ஒரு வரிசையில் வரும். 'ஜ சூசிஞே' என்று தொடங்கவேண்டும், 'கீழே கையெழுத்திடும் நான்' என்று பொருள். நம்மூர் பத்திரங்களில் வருவது மாதிரியேதான். அடுத்து அவர் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், முகவரி. பிறகு 'சுர் லொன்னர்', அதாவது என் மானத்தின் மீது ஆணையாக, இன்னாரை இந்தத் தேதியிலிருந்து என் வீட்டில் தங்கவைத்திருக்கிறேன். கடைசியில் 'ஃபே ஆ' என்று எழுதி ஊர் பெயர், தேதி, கையெழுத்து. மானத்தின் மீது என்பது அலங்காரமாகத் தோன்றலாம். ஆனால் பொய்யாக எழுதினால் ஓர் ஆண்டு சிறையும் 15,000 யூரோ அபராதமும் வரை போகலாம். அதனால்தான் சும்மா தெரிந்தவர்களிடம் போய் எழுதித் தரச் சொல்லக்கூடாது.

இந்தத் தாள் மட்டும் போதாது. எழுதித் தருபவரின் அடையாள அட்டை நகலும், அவருடைய சொந்த முகவரிச் சான்றும் கூடவே போகவேண்டும். எங்களுக்கு இடித்தது இந்த மூன்றாவது தாளில்தான். அக்கா கொடுத்த மின்சார பில் ஐந்து மாதம் பழையது. வங்கி திருப்பி அனுப்பிவிட்டது. அவர் மாதாமாதம் ஒரே தொகை கட்டும் திட்டத்தில் இருந்தார், அதில் பில் வருவது வருடத்துக்கு ஒருமுறைதான். புது பில்லுக்கு எங்கே போவது? அப்புறம்தான் தெரிந்தது, மின்சார நிறுவனத்தின் இணையக் கணக்கில் நுழைந்தால் 'அத்தெஸ்தாசியோன் த கோன்த்ரா' என்று ஒன்றை இறக்கிக்கொள்ளலாம். இந்த முகவரியில் இன்னார் பெயரில் மின் இணைப்பு ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது என்ற சான்று, அன்றைய தேதியோடு. இரண்டு நிமிட வேலை. அதற்காக இரண்டு வாரம் அலைந்திருக்கிறேன்.

கணக்கு திறந்தது. அட்டை ஒரு கடிதத்தில், ரகசிய எண் வேறொரு கடிதத்தில், தனித்தனியாக வரும் என்றார்கள். அட்டை கிளையிலேயே கிடைத்துவிட்டது. எண் வரவில்லை. பத்து நாள் கழித்து விசாரித்தால், அந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லை என்று கடிதம் வங்கிக்கே திரும்பியிருந்தது. பிரான்சில் தபால்காரர் கதவு எண்ணைப் பார்த்துப் போடுவதில்லை. கீழ்த்தளத்தில் வரிசையாக இருக்கும் பெட்டிகளில் பெயரைத் தேடுவார்.

"பெட்டியில என்ர பேர்தானே கிடக்கு" என்றார் அக்கா. "உம்மட பேரையும் ஒட்டும்."

என் பெயரை எழுதி ஒட்டினேன். அதுவும் பாதி தவறு. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறது. படிவத்தில் 'நோன்' என்பது அதுதான், 'ப்ரெனோன்' என்பதுதான் என் பெயர். ஆகவே வங்கிக்கு நான் மதாம் முருகேசன். முதல் முறை அந்தப் பெயரைக் கூப்பிட்டபோது அப்பா எங்கே வந்தார் என்று திரும்பிப் பார்த்தேன். பெட்டியில் அப்பாவின் பெயரை எழுதி ஒட்டிய பிறகு எண் வந்தது. அக்காவின் பெயருக்கு முன் 'ஷே' என்று முகவரியில் சேர்க்கவும் சொன்னார்கள். இன்னார் வீட்டில் என்று பொருள். எல்லாப் படிவத்திலும் ஒரே வரிசையில் பெயர் எழுதுவது முக்கியம். ஓரிடத்தில் மாறினால் ரிப்பும் சம்பளச் சீட்டும் இரண்டு ஆளுடையதாகத் தெரியும்.

சில வங்கிகள் முடியாது என்று சொல்லிவிடவும் செய்யும். அப்போது வாய்வார்த்தையோடு வந்துவிடாமல் மறுப்புக் கடிதம் கேட்டு வாங்கவேண்டும். அந்தக் கடிதத்தோடு பிரான்சின் மத்திய வங்கியான பாங்க் த ஃபிரான்ஸுக்கு 'த்ருவா ஓ கோன்த்' என்ற கணக்கு உரிமைக்கு விண்ணப்பித்தால், கணக்கு திறக்கவேண்டிய வங்கியை அவர்களே நியமிப்பார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை, கூட வேலை செய்த ஒருவருக்குத் தேவைப்பட்டது.

கணக்கு கையில் வந்த பிறகு என்னைக் குழப்பிய இரண்டு சொற்கள் விர்மான், ப்ரெலெவ்மான். இரண்டையும் பணம் போவது என்று ஒன்றாகவே புரிந்துவைத்திருந்தேன். விர்மான் நானாக அனுப்புவது. ப்ரெலெவ்மான் அவர்களாக வந்து எடுத்துக்கொள்வது, அதற்கு நான் 'மாந்தா' என்ற அனுமதித்தாளில் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தபோது ரிப் கொடுத்து அப்படி ஒரு தாளில் கையெழுத்திட்டேன். மூன்று மாதத்தில் போவதை நிறுத்தினேன், பணம் எடுப்பது நிற்கவில்லை. வங்கியின் ஆப்பில் அந்த ப்ரெலெவ்மானைத் தடுத்தேன், பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். அடுத்த மாதம் நிலுவைத் தொகை கேட்டுக் கடிதம் வந்தது. பணம் எடுப்பதை நிறுத்தினால் ஒப்பந்தம் நின்றுவிடாது. அதற்கு 'ரெசிலியாசியோன்', அதாவது ஒப்பந்தத்தை முடிக்கும் கடிதம், தனியாக எழுதவேண்டும், ஒப்பந்தத்தில் சொன்ன முன்னறிவிப்புக் காலமும் ஓடவேண்டும்.

தபால் நிலையத்துக்குப் போய், ஒப்புகையோடு பதிவுத் தபாலாக அனுப்பினேன். எதிர்த்தரப்பின் கையெழுத்தோடு ஒப்புகை அட்டை அடுத்த வாரம் திரும்பி வந்தது. பெட்டியில் ஒட்டியிருந்த அப்பாவின் பெயர் மழையில் பாதி கரைந்துவிட்டது, ஆனாலும் வந்துவிட்டது.