ழ தெரிகிறதா

மார்ச் 3

அம்மாவுக்குச் சர்க்கரை இன்னும் 210. கண்புரை ஆபரேஷன் தேதி மறுபடியும் தள்ளிப் போகிறது.

மார்ச் 4

அகராதிச் செயலிக்கு மூன்று ஐகான் வரைந்தாகிவிட்டது: திறந்த புத்தகம், அ, ழ. கணினியில் 512 பிக்சலில் மூன்றும் அழகு. அந்த அளவில் எதுவுமே அழகாகத்தான் தெரியும், அங்கே பார்த்து முடிவெடுக்கவே கூடாது. மூன்றையும் 48, 24, 16 என்று இறக்கி வரிசையாக ஒட்டிப் பார்த்தேன்.

முதலில் போனது புத்தகம். பக்கங்களைக் காட்டும் கோடுகள் ஒன்றாகக் கலந்து சாம்பல் தீற்றலாகிவிட்டன. மிச்சம் இருப்பது ஒரு பறவை போலவும் இருக்கிறது, கணக்கு நோட்டு போலவும் இருக்கிறது. அ-வின் சுழி 24-லேயே அடைந்துபோய்ப் புள்ளியாகிறது. ழ-வுக்கு வேறு சங்கடம். வால் உடலோடு ஒட்டிக்கொள்கிறது. 16-ல் அது ழ இல்லை, அடி தடித்த ம.

இருந்தாலும் ழ-வை விட மனம் வரவில்லை. குழந்தைகளுக்கான எழுத்துப் பயிற்சிச் செயலிகள் பலவும் அ-வைத்தான் வைத்திருக்கின்றன. போனில் அந்தக் கூட்டத்துக்குள் போய் நின்றால் யார் கண்டுபிடிப்பார்கள்?

மார்ச் 6

நாள் முழுக்க அந்த வால்தான்.

16 கட்டத்தில் மேலும் கீழும் இரண்டிரண்டு விட்டால் எழுத்துக்குக் கிடைப்பது 12 வரிசை. எழுத்துருவில் உள்ள ழ-வை அப்படியே சுருக்கினால் உடலுக்கும் வாலுக்கும் நடுவே ஒரு பிக்சல்கூட இடைவெளி இல்லை. அரைகுறைப் பிக்சலைத் திரை சாம்பலாக நிரப்பிவிடுகிறது, இரண்டும் ஒட்டிவிடுகின்றன. அதனால் சுருக்குவதை விட்டுவிட்டுப் புதிதாகவே வரைந்தேன். உடலுக்கு 8, இடைவெளிக்கு 2, வாலுக்கு 2. கோட்டின் தடிமனும் 2. கோடு எவ்வளவு தடிமனோ, வெற்றிடமும் குறைந்தது அவ்வளவு இருந்தால்தான் அது வெற்றிடமாகத் தெரிகிறது.

தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, வால் இவ்வளவு கீழே தொங்குது?" என்றான். பெரிதாக்கிப் பார்த்தால் தொங்கத்தான் செய்கிறது. ஆனால் ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாகத்தான் அச்சு வெட்டினார்கள். சின்ன அளவில் எழுத்தை அகலமாக்கி, உள்ளிடத்தைத் திறந்துவிடுவார்கள். நான் செய்வதும் அதுதான். 512-க்கு ஒரு ழ, 48-க்கும் கீழே இன்னொரு ழ.

அம்மாவுக்கு இன்று 188.

மார்ச் 7

நிறம்.

முதலில் அடர் சிவப்பு எழுத்து, பின்னால் வட்டத் தட்டு கிடையாது. வெள்ளைப் பின்னணியில் மாறுபாடு 10-க்கு 1, கண்ணைப் பறிக்கிறது. அதையே டார்க் மோடின் #121212 கருப்பில் வைத்தால் 1.8 தான். எழுத்து இருந்த இடமே தெரியவில்லை. எழுத்தல்லாத உருவங்களுக்குக் குறைந்தது 3-க்கு 1 வேண்டும் என்கின்றன, பார்வை குறைந்தவர்களையும் மனதில் வைத்து எழுதிய அணுகல் விதிகள். பின்னணி நம் கையில் இல்லை, அதனால் நம் பின்னணியை நாமே கொண்டுபோக வேண்டும்.

அடுத்து மாம்பழ மஞ்சள் தட்டில் அதே சிவப்பு. உள்ளுக்குள் 6.3, நல்ல எண். தட்டின் விளிம்புதான் வெள்ளையில் 1.6 ஆகி உருகுகிறது. வட்டம் மறைந்து, மஞ்சள் கறைமேல் ஒரு எழுத்து கிடப்பதுபோல் இருக்கிறது.

வெள்ளையிலும் கருப்பிலும் விளிம்பு நிற்க வேண்டுமானால் நடுத்தர அடர்த்தியில்தான் நிறம் தேட வேண்டும். சாயங்காலம்வரை நிறத்தட்டை உருட்டி #00796B-யில் வந்து நின்றேன், ஒரு பச்சைநீலம். வெள்ளையில் 5.3, கருப்பில் 3.5. அதன்மேல் வெள்ளை ழ. இரண்டு பக்கமும் நிற்கிறது!

மார்ச் 8

ராத்திரி அம்மா செம்பைத் தட்டிவிட்டாள். வெள்ளைத் தரையில் எவர்சில்வர் செம்பு.

மார்ச் 10

அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்தேன். அவள் ஹோம் ஸ்க்ரீனில் இருப்பது மயிலோடு நிற்கும் முருகன். ஐகான் போய் உட்கார்ந்த இடம் சரியாகத் தோகை. பச்சைநீலத்தின்மேல் பச்சைநீலம். வட்டம் முழுசாகக் கரைந்துவிட்டது. வெள்ளையையும் கருப்பையும் மட்டும் கணக்குப் போட்டுவிட்டு மூன்று நாள் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

ஆனால் அம்மா கண்டுபிடித்துவிட்டாள். "வெள்ளையா ஒரு ழ தெரியுதே, அதுதானே?" தட்டு போயும் எழுத்து நின்றிருக்கிறது. எந்தத் தட்டும் ஏதோ ஒரு படத்தில் கரையத்தான் செய்யும். அப்போது தாங்க வேண்டியது எழுத்து. மெலிந்த கோட்டில் வரைந்த பழைய ழ-வை அதே இடத்தில் போட்டேன். தோகைக் கண்களுக்கு நடுவே அது இன்னொரு கோடாகிவிட்டது. அம்மா தேடினாள், தேடிக்கொண்டே இருந்தாள். நான்தான் போனை வாங்கி வைத்தேன்.

இன்னொன்றும் புரிந்தது. இரண்டாவது முறை கேட்டபோது அவள் பார்க்காமலே விரலை வைத்தாள். இடம் ஞாபகம். அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் ஐகானை வேறு வரிசைக்கு மாற்றிவிட்டுத்தான் கேட்டேன். இல்லாவிட்டால் சோதிப்பது ஐகானை அல்ல, அவளுடைய நினைவை.

மார்ச் 11

தம்பி போனில் வால் வெட்டுப்பட்டிருக்கிறது. ஆண்ட்ராய்டில் ஐகானின் படலம் 108 அலகு, கண்ணுக்குத் தெரிவது 72, எந்த வடிவத்தில் வெட்டினாலும் தப்பிப்பது நடுவில் 66 விட்டமுள்ள வட்டம் மட்டும். என் போன் ஓரம் வளைந்த சதுரமாக வெட்டுகிறது, அவனுடையது வட்டமாக. கீழே இறக்கிய வாலின் நுனி அந்த 66-க்கு வெளியே நின்றிருக்கிறது. எழுத்தை மொத்தமாகக் கொஞ்சம் சிறிதாக்கி மேலே ஏற்றினேன். சிறிதாக்கியதும் இடைவெளி மறுபடி சுருங்குகிறது. மறுபடி வரைந்தேன்.

மார்ச் 12

142. திங்கட்கிழமை என்று சொல்லிவிட்டார்கள். வலது கண் முதலில்.

மார்ச் 14

நோட்டிபிகேஷன் பட்டையில் வெறும் வெள்ளை வட்டம். அங்கே ஆண்ட்ராய்டு நிறத்தைப் பார்ப்பதே இல்லை, எது ஒளிபுகாததோ அதை வெள்ளையாக்கும், அவ்வளவுதான். தட்டோடு கொடுத்தால் தட்டுதான் வரும். ழ-வை மட்டும் தனியாக எடுத்து 24 அலகில் கொடுத்தேன். நாலு மில்லிமீட்டர்கூட இல்லை. வால் நிற்கிறது. ஆண்ட்ராய்டு 13-இலிருந்து வால்பேப்பரின் நிறத்தில் ஐகானைச் சாயமேற்றும் வசதிக்கும் இதே ஒற்றை நிற ழ-வைத்தான் கொடுக்க வேண்டும். நான் பார்த்துப் பார்த்து எடுத்த பச்சைநீலம் அங்கே இருக்காது. வருத்தமாக இருந்தது, அப்புறம் சரியென்று பட்டது.

அம்மாவின் பையில் துண்டு, பழைய சீட்டுகள், மாத்திரை டப்பா. சொட்டு மருந்து ஆரம்பித்தாயிற்று.

மார்ச் 16

முடிந்தது. இருபது நிமிடம்கூட ஆகவில்லை. தூங்குகிறாள்.

மார்ச் 17

காலையில் கட்டைப் பிரித்தார்கள். வெளியே வந்து உட்கார்ந்ததும் என் புடவையைத் தொட்டுப் பார்த்து, "இது நீலமாடி?" என்றாள். இத்தனை நாள் சாம்பல் என்றே நினைத்திருக்கிறாள்.

போனை அவளே கேட்டு வாங்கினாள். நேரம் பார்க்க என்று நினைத்தேன். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு என் ஐகானைப் பார்த்தாள், பிறகு கையை மாற்றி வலதைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். புதுக் கண்ணில் ழ வெள்ளை வெளேர், தட்டு மயில் கழுத்து. பழைய கண்ணில் ழ பழுப்பேறிய வேட்டி, தட்டு வாடின இலை. அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

"வால் தெரியுதாம்மா?"

"ரெண்டுலயும் தெரியுது. இதுல கொஞ்சம் மங்கல்" என்று இடது கண்ணைக் காட்டினாள்.

மங்கலான கண்ணுக்காக இடைவெளியை இன்னும் அரைப் பிக்சல் திறக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். 16-ல் அரைப் பிக்சல் கிடையாது. 24-லும் கிடையாது. திறந்தால் ஒரு முழுப் பிக்சல்தான். மருந்து விடும் நேரமாகிவிட்டது