வெள்ளவத்தை அறையும் 120 ஹேர்ட்ஸும்

குரலையும் வாத்தியங்களையும் வீட்டு அறையில் கலந்து முடித்த பாட்டை நண்பனின் வான் வண்டியில் போட்டுக் கேட்டபோதுதான் அறையில் ஏதோ பிழை என்று விளங்கியது. கிக் டிரம் கதவையே அதிரவைத்தது, பாடியவரின் குரலோ மெலிந்து, நெஞ்சில்லாத குரலாக வந்தது. "மச்சான், வீட்டில கேக்கேக்க இப்படி இல்லையே" என்றான். இல்லைத்தான். அறையில் எல்லாம் சரியாகவே கேட்டது.

வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்தில், ஒரு வீட்டோடு சேர்ந்த அனெக்ஸில் இருக்கிறேன். அறை 3.4 மீற்றர் நீளம், 2.9 அகலம், 2.8 உயரம். நான்கு பக்கமும் செங்கல் வைத்துச் சீமெந்து பூசிய சுவர், மேலே கொங்கிரீட். வெளிநாட்டுக் காணொளிகளில் பலகைச் சுவர் வீடுகளுக்குச் சொல்லும் யோசனைகள் இங்கே அப்படியே பொருந்தாததற்கு இதுதான் காரணம். பலகைச் சுவர் தானே கொஞ்சம் அசைந்து தாழ்ந்த ஒலியை விழுங்கிவிடும். நம்முடைய சுவர் அசையாது, வந்த பேஸ் முழுவதையும் திருப்பி அறைக்குள்ளேயே அனுப்பும்.

முதலில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். ஓர் அங்குலத் தடிப்பில் கூர்கூராக வெட்டிய ஃபோம் சதுரங்களை 24 வாங்கிச் சுவரில் ஒட்டினேன். கைதட்டினால் வந்த எதிரொலி போய்விட்டது, பேச்சும் அடங்கியது. ஆனால் பூம் என்ற இரைச்சல் முன்பைவிட அதிகமாகத் தெரிந்தது. ஃபோம் மேல்பகுதியை மட்டும் உறிஞ்சிவிட்டுக் கீழ்ப்பகுதியைத் தொடாமல் விட்டதால் வந்த வினை அது. கழற்றும்போது சுவரின் பெயின்றும் சேர்ந்து உரிந்து வந்தது. வீட்டுக்கார அன்ரியிடம் நல்ல பேச்சு வாங்கினேன். "இனிச் சுவரில ஒண்டும் ஒட்டக்கூடாது தம்பி, ஆணியும் அடிக்கக்கூடாது" என்றார். அதற்குப் பிறகு செய்த எல்லாம் அந்தக் கட்டளைக்குள் செய்ததுதான்.

அடுத்து, செலவில்லாத ஒரு சோதனை. ஸ்பீக்கரில் 60 ஹேர்ட்ஸ் தொனியைத் தொடர்ச்சியாகப் போட்டுவிட்டுக் கதிரையில் இருந்தேன். ஏறக்குறைய ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து பக்கச் சுவரை நோக்கி நடந்தால் அடிக்கு அடி ஒலி பெருத்தது. சுவரில் காதை வைத்தால் காதே அடைத்தது. தொனியை 120க்கு மாற்றியபோது கதை தலைகீழானது: கதிரையில் இருந்த இடத்திலேயே ஒலி வீங்கி நின்றது.

கணக்குப் போட்டால் காரணம் தெரியும். நம் ஊர் வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு 346 மீற்றர் அளவு. அதை அறை அகலத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் 60 ஹேர்ட்ஸ் வரும். அந்த அலை சுவரோரம் உச்சத்திலும் அறை நடுவில் வெறுமையாகவும் நிற்கும். நான் இருப்பதோ சரியாக நடுவில். அதன் இரட்டை 119, அதற்கு நடுவிலும் உச்சம். போதாததற்கு என் அறையின் அகலமும் உயரமும் ஏறத்தாழ ஒன்று. உயரத்தின் இரட்டை 124இல் வந்து அதோடு சேர்ந்துகொள்கிறது. இரண்டு வீக்கம் ஒரே இடத்தில். கிற்றாரின் ஏ தந்தியில் இரண்டாம் கட்டை அழுத்தினால் வருகிற சுரம் அங்கேதான் விழுகிறது, ஆண் குரலின் நெஞ்சுப் பகுதியும் அங்கேதான். வீங்கிக் கேட்டதை நான் குறைத்தேன், கேட்காத 60ஐக் கூட்டினேன். வானில் கேட்டது அதன் விளைவு.

கடன் வாங்கிய அளவீட்டு மைக்கைக் காது உயரத்தில் வைத்து, REW என்ற இலவச மென்பொருளில் அளந்தேன். 120ஐச் சுற்றி 11 டெசிபல் மேடு. ஒலி எவ்வளவு நேரம் அடங்காமல் நிற்கிறது என்று காட்டும் Waterfall படத்தில் அந்த ஒலி அரை நொடிக்கு மேல் வால் பிடித்து நின்றது. அந்த வாலைக் குறைப்பதுதான் இலக்கு.

குளிரூட்டி வேலை செய்யும் ஒருவரிடம் மிஞ்சிக் கிடந்த ராக்வூல் என்ற கல்பஞ்சுத் தகடுகள் கிடைத்தன: 120க்கு 60 சென்ரிமீற்றர், 5 சென்ரிமீற்றர் தடிப்பு. இரண்டிரண்டாக அடுக்கி 10 சென்ரிமீற்றர் ஆக்கி, சாமான் பெட்டி உடைத்த பைன் பலகையில் சட்டம் அடித்துப் பலகங்கள் செய்தேன். பின்பக்கத்தைப் பலகையால் மூடவில்லை, துணி மட்டும். ராக்வூலைத் தொடும்போது நீளக்கை சட்டை, கையுறை, மாஸ்க் மூன்றும் வேண்டும். முதல் நாள் கையுறை இல்லாமல் வெட்டிவிட்டு இரவு முழுக்கச் சொறிந்தேன்.

துணி விஷயத்தில் குஷன் வேலை செய்யும் அண்ணன் ரெக்ஸின்தான் நிலைக்கும் என்றார். வேண்டாம் என்று புறக்கோட்டையில் சாதாரண பருத்தித் துணி எடுத்தேன். துணியை வாயில் வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் தடையில்லாமல் போகவேண்டும், அதுதான் பரீட்சை. காற்றுப் போகாத துணி மேல்பகுதி ஒலியை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பும்.

முன்பக்க மூலைகள் இரண்டிலும் பலகங்களைக் குறுக்காக, ஒன்றின்மேல் ஒன்று நிறுத்தி இரும்புப் பட்டியால் பூட்டினேன். ஆணி இல்லை. குறுக்கே நிற்பதால் பின்னால் முக்கோணமாக வெற்றிடம் கிடைக்கிறது, நடுவில் 30 சென்ரிமீற்றர் ஆழம். சுவரோடு ஒட்டிய காற்று அசையாது, சுவரிலிருந்து தள்ளித்தான் அசையும். ராக்வூல் அசைகிற காற்றைத்தான் பிடிக்கும். அதனால் அந்த வெற்றிடமும் வேலை செய்கிறது. மற்ற இரண்டு பலகங்கள் பக்கச் சுவர்களில் சாய்ந்து நின்றன. இடத்தைக் கண்ணாடியால் பிடித்தோம்: நண்பன் சுவரோரம் கண்ணாடியை நகர்த்த, கதிரையில் இருந்த எனக்கு அதில் ஸ்பீக்கர் தெரிந்த இடத்தில் பலகம். கதிரையையும் அறையின் நட்ட நடுவிலிருந்து முன்சுவருக்கு 1.3 மீற்றர் தூரத்துக்குக் கொண்டுவந்தேன்.

திரும்ப அளந்தால் மேடு குறைந்திருந்தது, ஆனால் 124இல் ஒரு கூர் அப்படியே நின்றது. இங்கே ஒரு வாரம் குழம்பினேன். மூலையில் இன்னும் பலகம் அடுக்கியும் அசையவில்லை. பிறகுதான் அது தரைக்கும் கொங்கிரீட்டுக்கும் இடையே ஓடுகிற அலை என்று உறைத்தது. நிலைக்குத்தாக நிற்கும் பலகம் அதை அதிகம் தொடாது. இன்னும் நான்கு தகடு வாங்கி இரண்டு பலகம் செய்து, பின்சுவரோடு நின்ற அலுமாரியின் மேல், சுவரும் கூரையும் சேரும் மூலையில் சாய்த்து வைத்தேன். அடுத்த அளவில் கூர் இறங்கியது. மொத்த மேடு 5 டெசிபல், வால் 300 மில்லிநொடி. செலவு எல்லாமாக 40,000 ரூபாவுக்குள்.

ரயில் சத்தம் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. இந்தப் பலகங்கள் அறைக்குள் சுற்றும் ஒலியை அடக்குமே தவிர வெளிச் சத்தத்தை மறிக்காது. குரல் பதிவை இன்னமும் இரண்டு ரயில்களுக்கு இடையில்தான் வைத்துக்கொள்கிறேன்.

தென்மேற்குப் பருவ மழையில் கடல்பக்கச் சுவர் வியர்க்கும். அந்தச் சுவரோடு முட்டி நின்ற பக்கப் பலகத்தின் பின்துணியில் கறுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. துணியை மாற்றி, இப்போது ஒரு சாண் இடைவெளி விட்டு நிறுத்தியிருக்கிறேன். ஒலிக்கும் அது நல்லது.

60 ஹேர்ட்ஸ் பள்ளம் அப்படியே இருக்கிறது. 10 சென்ரிமீற்றர் ராக்வூல் அவ்வளவு நீளமான அலையைப் பிடிக்காது, ஈக்யூவில் கூட்டினாலும் அந்த இடத்தில் கேட்காது. பேஸும் கிக்கும் சேரும் இடங்களை ஹெட்போனில் கேட்டு முடிவு செய்கிறேன், பிறகு எழுந்து சுவரோரம் போய் நின்று ஒருமுறை கேட்கிறேன். அதே பாட்டைப் புதிதாகக் கலந்து வானில் போட்டபோது பாடியவரின் குரலில் நெஞ்சு திரும்பியிருந்தது. கிக் மட்டும் இன்னும் ஒரு டெசிபல் கூட.