பண்டிகை விற்பனைக்கான ஆள் கணக்கு: 48 பேர் 35 ஆன விதம்

பண்டிகை நெருங்கினால் கிடங்கில் முதலில் எழும் கேள்வி, "இந்தத் தடவை எத்தனை பேரைக் கூடுதலாக எடுப்பது?" என்பதுதான். நாங்களும் அங்கேதான் தொடங்கினோம். கணக்கைப் போட்டு முடித்தபோதுதான், எடுக்கும் ஆட்களுக்கு நின்று வேலை செய்ய மேசை இல்லை என்பது தெரிந்தது.

சாதாரண நாளில் எங்களுக்கு 1,200 ஆர்டர் வரும். உச்ச நாளுக்கு 4,200 என்று கணித்திருந்தோம். ஓர் ஆர்டரில் சராசரியாக 2 பொருள் இருக்கும். பழகிய ஆள் ரேக்கிலிருந்து மணிக்கு 70 பொருள் எடுப்பார். பேக்கிங் மேசையில் மணிக்கு 30 ஆர்டர் முடிப்பார். அப்படியென்றால் எடுப்பதற்கு 120 மணி நேரம், பேக்கிங்குக்கு 140 மணி நேரம், மொத்தம் 260. எட்டு மணி நேர ஷிப்டில் சாப்பாடு, இடைவேளை, ஷிப்ட் மாறும் நேரம் எல்லாம் போக கைக்கு வருவது ஆறரை மணி நேரம்தான். ஆக 40 பேருடைய உழைப்பு தேவை.

நிரந்தர ஆட்கள் 14 பேர். அவர்களில் 4 பேரை ரேக் நிரப்பவும் சிக்கலான ஆர்டர்களைத் தீர்க்கவும் ஒதுக்கினோம். மீதி 10 பேர். குறையும் 30 பேருக்கு 30 தற்காலிக ஆட்களை எடுத்தால் போதும் என்று நினைப்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. முதல் நாள் வரும் புது ஆள் பழகியவரின் பாதி வேலையைத்தான் செய்கிறார். ஐந்தாம் நாளில் நன்றாகத் தேறிவிடுகிறார். ஆனாலும் உச்ச நாளின் நெரிசலில் 70 சதவீதத்துக்கு மேல் எதிர்பார்க்காமல் இருப்பது நல்லது. 30ஐ 0.7ஆல் வகுத்தால் 43. பத்தில் ஒருவர் வரமாட்டார் என்று வைத்துக்கொண்டால் 48.

இங்கேதான் மேசை வந்து நிற்கிறது. எங்களிடம் இருந்தவை 12 மேசைகள். இரண்டு ஷிப்டுக்கும் சேர்த்து 156 மணி நேரம். பழகியவர்கள் மட்டுமே பேக் செய்தால் 140 மணி நேரத்தில் முடிந்துவிடும். புது ஆட்கள் செய்தால் 200 ஆகும். மேசை போதாத இடத்தில் இன்னும் ஆள் சேர்த்து என்ன பயன்? அவர்கள் வரிசையில் நிற்பார்கள், சம்பளம் மட்டும் ஓடும்.

அதனால் ஆட்களைக் கூட்டுவதை விட்டுவிட்டு, உச்ச நாளில் மேசைக்கு வரும் வேலையைக் குறைக்கப் பார்த்தோம். முந்தைய ஆண்டின் ஆர்டர்களைப் பிரித்துப் பார்த்தபோது, ஒரே பொருளை ஒன்றே ஒன்று மட்டும் வாங்கியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அதிலும் ஐந்தே பொருள்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன. இந்த ஆண்டு அந்த ஐந்திலிருந்து மட்டும் அப்படிப்பட்ட 2,000 ஆர்டர் வரும் என்று தோன்றியது. அதில் 70 சதவீதம், அதாவது 1,400 பெட்டிகளை முன்கூட்டியே பேக் செய்து, லேபிள் மட்டும் ஒட்டாமல், அனுப்பும் வாசலுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தோம். முழு 2,000ஐயும் செய்யாததற்குக் காரணம் உண்டு. கணிப்பு தவறி பொருள் மிஞ்சினால், பெட்டியைப் பிரித்துத் திரும்ப ரேக்கில் வைப்பது பேக்கிங்கைவிட அதிக வேலை. பெட்டியும் டேப்பும் வேறு வீண்.

இந்த முன் பேக்கிங்குக்குத் தேவைப்பட்டது சுமார் 47 மணி நேரம். சாதாரண நாளில் 14 நிரந்தர ஆட்களிடம் 91 மணி நேரம் இருக்கும், வேலை 74 மணி நேரத்தில் முடிந்துவிடும். தினமும் மிஞ்சும் அந்த 17 மணி நேரத்தை வைத்து மூன்றே நாளில் முடித்தோம்.

இப்போது கணக்கு மாறியது. மேசைக்கு வருவது 2,800 ஆர்டர், அதாவது 93 மணி நேரம். பத்து நிரந்தர ஆட்களையும் மேசையில் நிறுத்தினோம். எது குறைவாக இருக்கிறதோ அங்கே வேகமான கைகள் இருக்க வேண்டும். அவர்கள் 65 மணி நேரத்தைப் பார்த்துக்கொண்டார்கள், மீதியை 7 தற்காலிக ஆட்கள். முன் பேக்கான பெட்டிகளில் லேபிள் ஒட்டுவதற்கு இருவர், ஆளுக்கு மணிக்கு 120 பெட்டி. ரேக்கிலிருந்து எடுக்க 22 புது ஆட்கள். எல்லாம் சேர்த்து 31, வராதவர்களுக்கும் சேர்த்து 35. ஒரு ஷிப்டில் ஒன்பது மேசை போதுமானதாக இருந்தது. பத்தாவதை லேபிளுக்குக் கொடுத்தோம்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. முன் பேக்கான பெட்டிகளுக்குச் சிஸ்டத்தில் தனி இடக் குறியீடு கொடுத்தே ஆக வேண்டும். எங்கள் ஒத்திகையில், மூன்று பொருள் கொண்ட ஓர் ஆர்டரில் ஒன்றை மட்டும் அந்த அடுக்கிலிருந்து எடுக்கச் சொல்லி ஸ்கேனரில் காட்டியது. அப்படி வந்தால் எடுப்பவர் ஒட்டிய பெட்டியைப் பிரிப்பார், இல்லையென்றால் பெட்டிக்குள் பெட்டியாகப் போகும். ஒரே பொருள், ஒரே எண்ணிக்கை ஆர்டருக்கு மட்டும் அந்த இடம் திறக்கும்படி விதியை மாற்றிய பிறகுதான் சரியானது.

அடுத்தது ரேக் நிரப்புவது. அதிகம் கவனிக்கப்படாதது இதுதான். நன்றாக ஓடும் ஒரு பொருளின் தட்டில் 60 பிடிக்கும், 20க்கு இறங்கினால் சிஸ்டம் நிரப்பச் சொல்லும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் மணிக்கு 6 போகும், அந்த 20 மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்கும். உச்ச நாளில் மணிக்கு 60 போகும், அதே 20 இருபது நிமிடத்தில் தீர்ந்துவிடும். மேல் தட்டிலிருந்து சரக்கு அடுக்கிய பலகையை இறக்கிப் பிரித்து அடுக்க 40 நிமிடம் பிடிக்கிறது. இடையில் இருபது நிமிடம் தட்டு காலி. கிடங்கில் சரக்கு நிறைய இருந்தும் எடுப்பவர் "இல்லை" என்று அழுத்திவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார். பாதி நிரம்பிய கூடைகள் மேசைப் பக்கம் சேரத் தொடங்கும்.

அதனால் அளவை மறுபடியும் போட வேண்டும். நிரப்ப ஆகும் நேரத்துக்குள் எவ்வளவு போகும் என்று பாருங்கள். இங்கே 40. அதோடு பாதியைக் கூட்டி 60இல் நிரப்பச் சொல்லும்படி வைத்தோம். தட்டே மொத்தம் 60தான் பிடிக்கும் என்பதால் தட்டு போதாது. அப்படிப்பட்ட பொருள்களை மேசைக்கு மிக அருகில் தரையில் முழுப் பலகையாகவே நிறுத்தினோம். உச்ச நாளுக்கு முந்தைய இரவு ஒருமுறை நடந்து, ஒவ்வொன்றையும் கையால் எண்ணிச் சரிபார்த்தோம்.

புது ஆட்களை ஐந்து நாள் முன்பே வரச் சொன்னோம். ஒருவருக்கு ஒரே வேலை: எடுப்பவர் எடுப்பார், பேக் செய்பவர் பேக் செய்வார். இரண்டையும் சொல்லிக்கொடுத்தால் இரண்டிலும் பாதிதான் தேறுகிறார்கள். ஒரு பழகியவரிடம் நான்கு பேருக்கு மேல் விடவில்லை. ஸ்கேனர் எண்ணிக்கையையும் இப்போதே பாருங்கள்: ஷிப்டுக்கு 11 பேர் எடுக்கிறார்கள் என்றால் 11 ஸ்கேனரும், பழுதானால் மாற்ற இரண்டும், இரண்டாம் ஷிப்டுக்குச் சார்ஜ் ஏற்றிய பேட்டரியும் வேண்டும். லாகின் பெயர்களை ஆள் வருவதற்கு முன்பே உருவாக்கி வைக்காவிட்டால் முதல் நாள் காலை வீணாகும்.

அன்று எங்கே நெருக்குகிறது என்பதை அறிக்கைக்காகக் காத்திருக்காமல் நின்று பார்த்தாலே தெரியும். மேசைகளுக்கு முன்னால் கூடைகள் குவிந்தால் பேக்கிங் திணறுகிறது. மேசையில் ஆள் கை கட்டி நின்றால் எடுப்பவர்கள் பின்தங்கிவிட்டார்கள், அல்லது தட்டுகள் காலி. கூடைகள் இருந்தும் பாதி பாதியாக இருந்தால் நிச்சயம் நிரப்பும் வேலையில்தான் கோளாறு. அப்போது எடுப்பவர்களில் இருவரை உடனே நிரப்பும் பக்கம் மாற்றுங்கள்.

கொரியர் வண்டியை மறக்க வேண்டாம். 4,200 பெட்டி ஒரே மாலை வண்டியில் ஏறாது. மதியம் ஒரு வண்டி, மாலை இரண்டு வண்டி என்று பேசி, லேபிள் மட்டும் ஒட்ட வேண்டிய 1,400ஐ மதிய வண்டியிலேயே ஏற்றும்படி வரிசைப்படுத்தினோம். இல்லையென்றால் அவை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும்.

உச்ச நாள் முடிந்ததும் எல்லாத் தற்காலிக ஆட்களையும் ஒரேயடியாக அனுப்பவில்லை. திரும்பி வரும் பொருள்களைப் பிரித்துச் சரிபார்த்து மறுபடி ரேக்கில் வைக்க 6 பேரை இரண்டு வாரம் வைத்துக்கொண்டோம். மிஞ்சிய முன் பேக் பெட்டிகளை உடனே பிரிக்காமல், அடுத்த வாரம் வந்த ஒற்றைப் பொருள் ஆர்டர்களுக்கு அவற்றையே முதலில் அனுப்பினோம்.