பரிதாபம் காட்டாமல் நன்கொடை கேட்டோம்

எங்கள் ஊரில் நண்பர்கள் சேர்ந்து மாலைநேரப் படிப்பு மையம் ஒன்றை நடத்துகிறோம். அடுத்த ஆண்டுச் செலவுக்காக இன்ஸ்டாகிராமில் பல ஸ்லைடுகள் கொண்ட ஒரு கரோசல் பதிவு போட முடிவெடுத்தோம். வடிவமைக்க முன்வந்த தம்பி கொண்டுவந்த முதல் ஸ்லைடில் அழுத முகத்தோடு ஒரு சிறுமி. கீழே, "நீங்கள் கடந்துபோனால் இவள் படிப்பு நின்றுவிடும்" என்று ஒரு வரி.

அது உண்மையில்லை. நாங்கள் மையத்தை மூடினாலும் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்குப் போவார்கள். இல்லாமல் போவது, சாயங்காலம் உட்கார்ந்து வாசிக்க ஓர் இடமும் பக்கத்தில் சொல்லித்தர ஓர் ஆளும்தான். அதையே முதல் ஸ்லைடில் எழுதினோம்.

எண்களுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. ஜூனில் 40 பேர் சேர்ந்தார்கள். மார்ச்சில் 31 பேர் இருந்தார்கள். அவர்களில் 22 பேர் இரண்டாம் வகுப்புப் பத்தி ஒன்றைத் தடுமாறாமல் வாசித்தார்கள். "22 குழந்தைகளை வாசிக்க வைத்தோம்" என்று போட்டால் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த 22 பேரில் 8 பேர் ஜூனிலேயே வாசித்தவர்கள். அதனால் கடைசிவரை இருந்த 31 பேரை மட்டும் எடுத்து, "ஜூனில் 8, மார்ச்சில் 22" என்று போட்டோம். இடையில் நின்ற 9 பேரையும், பள்ளி ஆசிரியர்களின் உழைப்பும் இதில் சேர்ந்திருக்கிறது என்பதையும் அதே ஸ்லைடில், அதே அளவு எழுத்தில் சொன்னோம். பொடி எழுத்தில் போட்டால் மறைத்ததற்குச் சமம்.

அப்புறம் தொகை. "100 ரூபாயில் ஒரு குழந்தைக்கு நோட்டு" என்று கேட்பது சுலபம். ஆனால் நோட்டுக்கென்று வாங்கிய பணத்தில் வாடகை கொடுக்க முடியாது. எங்களுக்கு மாதம் ஆகும் 24,000 ரூபாயில் பாதி, சொல்லித்தரும் இரண்டு பேருக்கான மதிப்பூதியம். மீதி வாடகை, சுண்டல், மின்கட்டணம், நோட்டு. 40 பேருக்கு வகுத்தால் ஒரு பிள்ளைக்கு 600 ரூபாய். அந்தக் கணக்கை அப்படியே ஒரு ஸ்லைடாக்கி, "உங்கள் பணம் எல்லாவற்றுக்கும் பொதுவாகச் செலவாகும்" என்று சேர்த்தோம்.

ஒரு மாணவியின் படமும் இருந்தது. முகம் தெரியாமல், புத்தகத்தின் மேல் விரல் வைத்து வாசிப்பதுபோல. அவள் அம்மாவிடம் வெறும் கையெழுத்து வாங்காமல், முடித்த ஸ்லைடையே போனில் காட்டினோம். "அப்பா இல்லாத பிள்ளைன்னு எதுக்குப் போடணும்? அவ நல்லா வாசிக்கிறா, அத போடுங்க" என்றார். அந்த வரியை எடுத்துவிட்டோம். அவர் எப்போது வேண்டாம் என்றாலும் பதிவிலிருந்து அந்தப் படம் போய்விடும் என்றும் சொல்லியிருக்கிறோம்.

கடைசி ஸ்லைடில் வங்கி விவரம், ரசீது வரும் நாள், 80ஜி வரிச்சலுகை பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே என்ற குறிப்பு. "இப்போது முடியாவிட்டால் பரவாயில்லை" என்றும் ஒரு வரி.

பதிவில் முதலில் வந்த கேள்வி, நின்றுபோன 9 பேரைப் பற்றித்தான். பெரும்பாலோர் குடும்பத்தோடு வேலை தேடி வெளியூர் போய்விட்டார்கள், இரண்டு பேர் வீட்டில் மட்டும் பேச முடிந்தது என்று அங்கேயே பதில் எழுதினோம்.