ஓர் அறைச் சுவருக்கு எத்தனை கிலோ பட்டி? அளந்து பார்த்த கணக்கு

கொழிஞ்சாம்பாறையில் புதிதாகக் கட்டிய அறைக்கு நானே பட்டி பார்த்தேன். அறை 12க்கு 10 அடி, உயரம் 10. நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. கதவு, ஜன்னல் போக 400 என்று வைத்துக்கொண்டேன். மூட்டையில், இரண்டு கோட்டுக்குக் கிலோவுக்கு 20 சதுர அடி வரை வரும் என்று போட்டிருந்தது. அந்தக் கணக்கில் 20 கிலோ மூட்டை ஒன்று வாங்கி வந்தேன்.

பூச்சு முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. எம் சாண்ட் பூச்சு, கை வைத்தால் சொரசொரவென்று இருக்கும். தை மாதம் வேறு; பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நாள் முழுக்க அடித்து சுவரைக் காய்ச்சிவிட்டது. ஒரு கை தண்ணீர் தெளித்தேன், வழியவே இல்லை, அப்படியே உள்ளே போய்விட்டது. பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெயிண்டர் அண்ணன், "தம்பி, செவரு இப்படிக் குடிச்சா பட்டி பவுடராத்தான் நிக்கும். நனைச்சுட்டுப் போடு" என்றார்.

சரி, இரண்டையும் பார்த்துவிடலாம் என்று 4க்கு 5 அடியில் இரண்டு கட்டம் சாக்பீஸால் வரைந்தேன். ஒன்றை மட்டும் நனைத்து, மேல்தண்ணீர் வற்றும்வரை விட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிலோ பவுடர் கலக்கி முதல் கோட் போட்டதில், நனைத்த கட்டத்தில் 18 சதுர அடி வந்தது. காய்ந்த கட்டத்தில் 13தான். பிளேடு இழுக்கும்போதே பட்டி இறுகிவிட்டது. மறுநாள் அங்கே விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டியது. வெள்ளை சிமெண்ட் பட்டி இறுகுவதற்கே தண்ணீர் வேண்டும், அதைச் சுவர் உறிஞ்சிக்கொண்டால் பிடிப்பு வராது. அந்தக் கட்டத்தைச் சுரண்டி எடுத்துவிட்டேன்.

நனைத்த கட்டத்தில் இரண்டாவது கோட் கிலோவுக்கு 30 சதுர அடி ஓடியது. குழிகளை முதல் கோட்டே அடைத்துவிடுவதால் இரண்டாவதற்குக் குறைவாகத்தான் பிடிக்கும். அதனால் இரண்டையும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும்: முதல் கோட்டுக்கு 400ஐ 18ஆல் வகுத்தால் 22 கிலோ, இரண்டாவதற்கு 30ஆல் வகுத்தால் 13 கிலோ. மொத்தம் 35. சட்டியில் இறுகிப் போவது, கீழே சிந்துவது எல்லாம் சேர்த்து 40. அதாவது இன்னொரு 20 கிலோ மூட்டை. வாங்கி வந்து முடித்தபோது இரண்டு கிலோதான் மிச்சம். ஒரு தடவைக்கு இரண்டு கிலோவுக்கு மேல் கலக்காததால் சட்டியில் இறுகி அதிகம் வீணாகவில்லை.

பிரைமர் பட்டிக்கு அடியில் போடவில்லை, சிமெண்ட் பட்டிக்கு ஈரச்சுவரே போதும். அக்ரிலிக் பட்டி என்றால் முதலில் பிரைமர் வேண்டும். உப்புத்தாள் போட்டு, தூசியைத் துணியால் துடைத்துவிட்டு, அப்புறம் தண்ணீர் பிரைமர் ஒரு கோட் அடித்தேன். 400 சதுர அடிக்கு 4 லிட்டர் சரியாக இருந்தது. பட்டி போடாத ஸ்டோர் ரூமில் 60 சதுர அடிச் சுவர் ஒன்று மட்டுமே ஒரு லிட்டரைக் குடித்துவிட்டது. அங்கே மீதி மூன்று சுவருக்கும் அந்தக் கணக்கிலேயே வாங்கப் போகிறேன்.