உண்டியல் விலையில் வரும் அந்தக் கூடுதல் ரூபா யாருடையது?

கொழும்பில் ஒரு வங்கியின் வெளிநாட்டுக் காசு கவுண்டரில் இருப்பவர்களிடம் ஒரு கேள்வி ஓயாமல் வரும்: "உண்டியல்காரர் இவ்வளவு கூடத் தாறாரே, நீங்கள் ஏன் தரமாட்டீங்கள்?" வங்கியைத் தொடாமல் முகவர் வழியாக வெளிநாட்டுக் காசை வீட்டுக்குச் சேர்ப்பதுதான் உண்டியல். கேட்பவர் பெரும்பாலும் கட்டாரிலோ டுபாயிலோ இருக்கும் ஒருவரின் மனைவி, அல்லது அம்மா. "அது சட்டவிரோதம்" என்று பதில் சொல்லி அனுப்பிவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம். 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி அது சரிதான். ஆனால் கேட்டவருக்கு அது பதிலாகாது. அவர் கேட்டது விலையைப் பற்றி.

முதலில் விலையைச் சரியாகப் படிக்க வேண்டும். உண்டியல்காரர் ரியாலுக்கோ திர்ஹாமுக்கோ விலை சொல்லுவார். செய்தியில் வருவது டொலர் விலை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க ஒரு வழி உண்டு. வளைகுடா நாணயங்கள் பல டொலரோடு கட்டப்பட்டவை: ஒரு டொலர் 3.64 கட்டார் ரியால், 3.67 திர்ஹாம், 3.75 சவூதி ரியால். ஆகவே சொல்லப்படும் ரியால் விலையை 3.64 ஆல் பெருக்கினால் அவர் டொலருக்கு என்ன தருகிறார் என்பது தெரிந்துவிடும். எக்ஸ்சேஞ்ச் கடையில் அனுப்பினால் அதன் கட்டணத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்: வீட்டுக் கணக்கில் விழுந்த ரூபாயை, கையிலிருந்து போன மொத்த ரியாலால் பிரிப்பது. அதுதான் உண்மையான விலை.

இந்தக் கணக்கை 2021 டிசம்பரில் போட்டுப் பார்ப்போம். மத்திய வங்கி டொலரை 200 ரூபாயை ஒட்டிப் பிடித்து வைத்திருந்தது. வங்கி வழியாக அனுப்புகிற தொழிலாளருக்கு டொலருக்கு 10 ரூபா ஊக்கத்தொகையும் அந்த மாதம் சேர்ந்தது. அதையும் கூட்டி 210 என்று எடுத்தால், 1,500 ரியாலுக்கு ஏறத்தாழ 86,500 ரூபா. வெளியே உண்டியலில் டொலர் 245 வரை போனது. அதே 1,500 ரியாலுக்கு கிட்டத்தட்ட 1,01,000 ரூபா. பதினாலாயிரத்துக்கு மேல் வித்தியாசம். அந்த நாட்களில் உண்டியலுக்குப் போனவர்களை நாட்டுப்பற்று இல்லாதவர்கள் என்று பேசியது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஒரு வீட்டின் மாதச் சாமான் செலவை விட்டுக்கொடுத்து மத்திய வங்கியின் விலையைக் காப்பாற்று என்று ஒரு கட்டடத் தொழிலாளியிடம் கேட்பது எப்படி?

அப்போது அந்தக் கூடுதல் ரூபாயைக் கொடுத்தது யார் என்பதில் மர்மம் இல்லை. வங்கிகளிடம் டொலர் இல்லை. புறக்கோட்டை இறக்குமதியாளர் எல்சி, அதாவது சரக்குக்கு வங்கி தரும் கட்டண உறுதிப் பத்திரம், திறக்க வந்தால் கைவிரிப்போம். அவருக்குச் சரக்கு வேண்டும். டோஹாவில் உண்டியல்காரர் சேர்த்த ரியால், டுபாயில் அந்த இறக்குமதியாளருக்குச் சாமான் கொடுக்கும் வியாபாரிக்குத் திர்ஹாமாகப் போகும். அதற்கு ஈடான ரூபாயை இறக்குமதியாளர் கொழும்பில் கொடுப்பார். அந்த ரூபாய்தான் வெள்ளவத்தை வீட்டு வாசலுக்கு மோட்டார் சைக்கிளில் வந்தது. டொலர் எல்லையைத் தாண்டவே இல்லை. தொழிலாளர் அனுப்பிய காசு என்று மத்திய வங்கி பதிவுசெய்த தொகை 2020இல் 7.1 பில்லியன் டொலர், 2021இல் 5.5, 2022இல் 3.8. 2022 மார்ச்சில் ரூபாயைப் பிடித்து வைப்பதை விட்டுவிட்ட பிறகு இடைவெளி படிப்படியாகச் சுருங்கியது. 2023இல் தொகை மீண்டும் 6 பில்லியனை நெருங்கியது. தொலைக்காட்சி எச்சரிக்கைகளால் ஆகாததை விலை செய்துவிட்டது.

இந்தக் காசு கைமாறும் விதத்தில் எழுத்து என்று ஒன்று கிடையாது. வீட்டிலிருப்பவர் ஒரு இருபது ரூபா நோட்டைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவார். அதன் தொடர் இலக்கம் டோஹாவிலிருந்து கொழும்பு ஆளுக்குப் போகும். காசோடு வருபவர் அந்த நோட்டை வாங்கி இலக்கத்தைச் சரிபார்த்துக் கட்டைக் கொடுத்துவிட்டு, நோட்டையும் கொண்டு போய்விடுவார். அதுதான் அவருக்குப் பற்றுச்சீட்டு. உங்களிடம் எதுவும் மிஞ்சாது. பழைய உண்டியல் இப்படித்தான் ஓடியது, பெரும்பாலும் ஒழுங்காகவே ஓடியது. இப்போது வாசலுக்கு வருவது குறைந்து, "கணக்கு நம்பரைத் தாங்கோ, போட்டு விடுறம்" என்றாகிவிட்டது. சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

இன்றைய நிலைமையைப் பார்ப்போம். கணக்குக்கு வசதியாக டொலர் 300 ரூபா என்று வைத்துக்கொள்வோம். வங்கி 297க்கு வாங்கி 304க்கு விற்கும். இந்த இடைவெளிக்குள்ளேயே உண்டியல்காரர் நுழைய முடியும்: உங்களுக்கு 300 கொடுத்து இறக்குமதியாளரிடம் 303 வாங்கினால் எல்லாருக்கும் இலாபம். சில இறக்குமதியாளர்கள் அதற்கு மேலும் கொடுப்பார்கள். காரணம் சுங்கம். 40,000 டொலர் சரக்கை 15,000 என்று பில் போட்டு, அதை மட்டும் வங்கி வழியாகக் கட்டுவார்கள். மீதி 25,000 உண்டியலில் போக வேண்டும். அந்த 25,000 டொலருக்கு 75 இலட்சம் ரூபா. வரிகள் எல்லாம் சேர்ந்து 30 வீதம் என்றால்கூட இருபத்திரண்டரை இலட்சம் மிச்சம். டொலருக்கு ஐந்து ரூபா கூடக் கொடுத்தால் அவருக்கு ஆகும் செலவு ஒன்றேகால் இலட்சம்தான்.

அதனால் சந்தை விலையை விட நாலைந்து ரூபா கூடக் கிடைப்பது புரிந்துகொள்ளக்கூடியது. ரியாலுக்கு 84 என்றால் டொலருக்கு 306. சரி, யாரோ ஒரு வியாபாரி சுங்கத்தை ஏய்க்கிறார். ஆனால் ரியாலுக்கு 90 தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் 3.64 ஆல் பெருக்குங்கள்: 327க்கு மேல். வங்கியில் 304க்கு வாங்கக்கூடிய டொலருக்கு எந்த வியாபாரியும் அதற்கு மேல் இருபத்துமூன்று ரூபா கொடுத்துக்கொண்டிருக்க மாட்டார். 2021இல் அப்படிக் கொடுக்கக் காரணம் இருந்தது. இன்று வங்கியில் டொலர் கிடைக்கிறது.

அப்படியென்றால் கொடுப்பவர், தன்னிடமுள்ள ரூபாயை நட்டத்துக்காவது தள்ளிவிட வேண்டிய ஒருவர். பெரும்பாலும் ஒன்லைன் மோசடிக்காரர், இல்லாவிட்டால் போதைப்பொருள் வியாபாரி. மோசடிக்காரரின் தொல்லை இது: ஏமாந்தவர் காசு போடுவதற்கு அவருக்கு ஒரு வங்கிக் கணக்கு வேண்டும், அது தன்னுடையதாக இருக்கக் கூடாது. உண்டியல்காரரிடம் நூறு வீட்டுக் கணக்கு இலக்கங்கள் இருக்கின்றன.

கணக்கு இப்படி நேராகும். மகன் டோஹாவில் 1,500 ரியால் கொடுக்கிறார். ரியாலுக்கு 90 ரூபா என்ற கணக்கில் வீட்டுக்கு 1,35,000 ரூபா வர வேண்டும். சந்தை விலையில் அந்த ரூபாயின் பெறுமதி 1,638 ரியால். உண்டியல் முகவர் மோசடிக்காரருக்கு வெளிநாட்டில், பெரும்பாலும் டொலரோடு கட்டப்பட்ட யூஎஸ்டிடி என்ற கிரிப்டோ நாணயமாக, 1,350 ரியாலுக்குச் சமனானதைக் கொடுத்து 150ஐ எடுத்துக்கொள்கிறார். மோசடிக்காரருக்கு 288 ரியால் போய்விட்டது, பதினேழு பதினெட்டு வீதம். அழுக்குக் காசைக் கழுவுவதற்கு அவர் கொடுக்கும் கூலி அது. மகனுக்குக் கிடைத்த நல்ல விலை அந்தக் கூலியின் ஒரு பங்கு.

இப்போது அம்மாவின் கணக்கு அறிக்கையைப் பாருங்கள். ஒரே வரவாக 1,35,000 இருக்காது. ஒரு பெயரிலிருந்து 60,000 ஒன்லைனில் வந்திருக்கும், இன்னொரு பெயரிலிருந்து 85,000. விவரம் எழுதும் இடத்தில் "பதிவுக் கட்டணம்" என்றோ "பார்சல்" என்றோ இருக்கும். அந்த இரண்டு பெயரையும் அம்மாவுக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது. கூட்டினால் 1,45,000. சிறிது நேரத்தில் அழைப்பு வரும்: "அக்கா, பத்தாயிரம் கூட விழுந்திட்டுது, நான் அனுப்புற கணக்குக்கு மாத்திவிடுங்கோ." நேர்மையான மனுஷி உடனே மாற்றிவிடுவார். அந்த ஒரு மாற்றத்தோடு அவர் காசு வாங்கியவர் என்பதோடு கைமாற்றியவராகவும் ஆகிவிடுகிறார். பொலிஸ் முறைப்பாட்டைப் படிக்கும்போது கண்ணில் முதலில் படுவது அந்த வரிதான்.

வேலை தருவதாகச் சொல்லி ஏமாற்றப்பட்டு அந்த 85,000ஐப் போட்டவர் எங்கோ ஒரு பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்வார். அவரிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அம்மாவின் பெயரும் கணக்கு இலக்கமும். விசாரணை வந்ததும் வங்கி கணக்கை நிறுத்தி வைக்கும். இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்: நிற்பது அந்த 85,000 மட்டும் அல்ல. ஓய்வூதியமும் சீட்டுக் காசும் அந்தக் கணக்கில் வந்தால் அவற்றையும் எடுக்க முடியாமல் போகலாம். கிளை முகாமையாளர் நல்லவராக இருந்தாலும் அவர் கையில் எதுவும் இல்லை. மகனின் சம்பளச் சீட்டைக் காட்டலாம். அவர் உழைத்தார் என்பதற்கு அது ஆதாரம், இந்த 85,000 அவருடையது என்பதற்கு அல்ல. முகவரின் வட்ஸ்அப் உரையாடல் இருந்தால் அதுதான் கொஞ்சம் உதவும். அழித்துவிடுபவர்களே அதிகம், பயத்தில்.

தெரியாத பெயரிலிருந்து இப்படிக் காசு விழுந்துவிட்டால் அதைத் தொடக் கூடாது. கூட விழுந்தது என்று யார் சொன்னாலும் நீங்களாக மாற்றி அனுப்ப வேண்டாம்; பிழையாக வந்த காசைத் திருப்ப வங்கிக்கு வங்கி வழி இருக்கிறது, அனுப்பியவர் தன்னுடைய வங்கியில்தான் கேட்க வேண்டும். அன்றே கிளைக்குப் போய், எந்தத் திகதி, என்ன தொகை, எந்தப் பெயர் என்று எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரையோடு ஒரு பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். முறைப்பாடு வருவதற்கு முன் திகதியிட்ட அந்த ஒரு தாள், பின்னால் வரும் பத்து விளக்கங்களை விடப் பயன்படும். உரையாடலை வேறு போனுக்கும் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். டோஹாவில் இருப்பவர் அந்த முகவரிடம் அடுத்த மாதம் போகாமல் இருந்தால் மட்டும் போதாது. கணக்கு இலக்கம் அவரிடம் இருக்கிறது. நீங்கள் அனுப்பாத மாதத்திலும் அதில் காசு விழலாம். அப்படி விழுந்தால் அந்தக் கணக்கை மூடிப் புதிதாக ஒன்று திறப்பதுதான் வழி. அதற்கும், முதல் கணக்கு நிறுத்தப்படுவதற்கு முன் கிளைக்கு வர வேண்டும்.